"பத்து நிமிசத்திலை வந்திட்டம், என்ன?": முரண்நகையைக் கேட்பவர் எப்படிக் கண்டுகொள்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொன்னதற்கு நேர் எதிரானதைப் பொருளாகக் கொள்வதுதான் முரண்நகை என்று பள்ளியில் படித்தோம். அது போதாதா?

போதாது. அந்த விளக்கம் மிகப் பழையது; ரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன் காலத்திலிருந்தே இருந்துவருகிறது. அதற்கு ஒரு பொறிமுறையைக் கொடுத்தவர் மெய்யியலாளர் போல் கிரைஸ். 1967 இல் ஹார்வர்டில் நிகழ்த்திய விரிவுரைகளில், உரையாடும் இருவரும் ஒருவர் மற்றவரிடம் சில எதிர்பார்ப்புகளை வைத்திருக்கிறார்கள் என்றும், உண்மையானதையே சொல்வார் என்பது அவற்றில் ஒன்று என்றும் அவர் காட்டினார். பேசுபவர் அந்த எதிர்பார்ப்பை ஒளிவுமறைவின்றி மீறும்போது, கேட்பவர் அவரைப் பொய்யர் என்று தள்ளிவிடாமல், சொன்னதோடு தொடர்புடைய வேறொரு பொருளைத் தேடுகிறார். மிக எளிதாகக் கைக்கு அகப்படுவது எதிர்ப்பொருள். இந்த விரிவுரையின் முக்கிய பகுதி 1975 இல் அச்சானது.

இந்த விளக்கத்தின் குறையை முதலில் சுட்டியவர்களில் ஒருவர் கிரைஸ் தாமே என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. 1978 இல் அச்சான தொடர்ச்சிக் கட்டுரையில் அவர் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். இருவர் வீதியில் நடந்து போகிறார்கள். கண்ணாடி நொறுங்கிய ஒரு கார் நிற்கிறது. ஒருவர் அதைக் காட்டி, "பார், அந்தக் காரின் கண்ணாடிகள் எல்லாம் முழுதாக இருக்கின்றன" என்கிறார். மற்றவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடைந்த கண்ணாடியை முரண்நகையாகச் சுட்டிக்காட்டினேன் என்று விளக்கம் சொன்னாலும் அது முரண்நகையாகப் படுவதில்லை. சொன்னது வெளிப்படையாகப் பொய், எதிர்ப்பொருளும் கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் நகை பிறக்கவில்லை. ஆகவே எதிர்ப்பொருளோடு வேறு ஏதோ ஒன்றும் வேண்டியிருக்கிறது. வெறுப்பு, எரிச்சல், ஏளனம் போன்ற ஏதாவது ஒரு மனப்பாங்கு வெளிப்பட வேண்டும் என்று கிரைஸ் கருதினார். அந்த மனப்பாங்கு எதை நோக்கியது என்ற கேள்வியை மற்றவர்கள்தாம் பின்னர் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியென்றால், கேட்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு "இது நேராகச் சொன்னதல்ல" என்று கண்டுபிடிக்கிறார்?

எனக்கே நேர்ந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு ஓர் ஓட்டோவில் புறப்பட்டோம்: அக்கா, அவருடைய ஆறு வயது மகள், நான். காலி வீதி நெரிசலாக இருக்கும் என்று சாரதி சொல்வதற்கு முன்பே நான், "மரைன் டிரைவாலை போவம் அக்கா, பத்து நிமிசத்திலை போயிடலாம்" என்றேன். பம்பலப்பிட்டியைத் தாண்டவே அரை மணித்தியாலம் பிடித்தது. இறங்கும்போது நாற்பது நிமிடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டே அக்கா என்னைப் பாராமல் சொன்னார்: "பத்து நிமிசத்திலை வந்திட்டம், என்ன தம்பி?"

இதற்கு எதிர்ப்பொருள் என்ன? "பத்து நிமிசத்தில் வரவில்லை" என்பதா? அது எனக்கு முன்பே தெரியும், அக்காவுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு செய்தியை எனக்கு அறிவிப்பதற்காக யாரும் இவ்வளவு சுற்றி வளைக்கத் தேவையில்லை. அந்த வாக்கியம் எனக்குச் செய்த வேலை வேறு. நான் சொன்ன சொல்லையே எடுத்து, என் முன்னால் வைத்து, "இதை நம்பிய என்னைச் சொல்ல வேண்டும்" என்ற முகபாவத்தோடு காட்டியது.

டான் ஸ்பெர்பரும் டெய்ட்ரி வில்சனும் 1981 இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் முன்வைத்தார்கள். முரண்நகையாகப் பேசுபவர் ஒரு கருத்தைத் தம்முடையதாகச் சொல்வதில்லை; வேறொருவர் சொன்ன, அல்லது நினைத்த, அல்லது நினைத்திருக்கக்கூடிய கருத்தை எதிரொலிக்கிறார்; எதிரொலிக்கும்போதே அதிலிருந்து தம்மை விலக்கிக்கொள்கிறார். எனவே கேட்பவருடைய வேலை பொருளைத் தலைகீழாகத் திருப்புவது அல்ல. "இந்தச் சொல் யாருடையது? இவர் இதை எந்தக் கண்ணோடு பார்க்கிறார்?" என்ற இரண்டையும் கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை.

கிரைஸின் கார் ஏன் தோற்றது என்பதும் இப்போது விளங்கும். அந்தக் காரின் கண்ணாடி முழுதாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் எதிர்பார்த்திருக்கவுமில்லை. எதிரொலிக்க அங்கே ஒன்றும் இல்லை. அதே வாக்கியத்தை, "இந்த வீதியில் காரை விட்டால் ஒரு கீறலும் விழாது" என்று சற்று முன்னர் வாக்களித்தவரிடம் சொல்லிப் பாருங்கள். உடனே உயிர் பெற்றுவிடும்.

அந்த ஓட்டோவில் உங்களைத் தவிர வேறு இருவரும் இருந்தார்களே. அவர்களுக்கும் அப்படியே விளங்கியதா?

இல்லை. அதனால்தான் இந்தச் சம்பவம் எனக்கு மறக்கவில்லை. சாரதி கொட்டாஞ்சேனைப் பக்கத்துக்காரர், தமிழ் தாய்மொழி. அக்கா சொல்லி முடித்ததும் அவர் திரும்பி, "நா என்னங்க செய்யிறது, சந்தியில பொலிஸ் மறிச்சிருச்சே" என்றார். அக்கா திகைத்துப்போய், "உங்களைச் சொல்லேல்லை அண்ணை" என்று சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

சாரதி எதைத் தவறவிட்டார் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அக்கா நேராகப் பேசவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. நேரம் அதிகமாகிவிட்டது என்று அக்காவுக்கு எரிச்சல் என்பதும் விளங்கிவிட்டது. அவருக்குத் தெரியாதிருந்தது, "பத்து நிமிசம்" என்ற சொல்லின் உரிமையாளர் யார் என்பது மட்டுமே. நான் அதைச் சொன்னபோது அவர் கைத்தொலைபேசியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். மூலச்சொல் கைவசம் இல்லாதபோது, கேட்பவர் பொதுவான எதிர்பார்ப்பு ஒன்றை அதன் இடத்தில் வைத்துக்கொள்கிறார். ஓட்டோவில் ஏறுகிறவர்கள் விரைவாகப் போய்ச்சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள், அதற்குப் பொறுப்பு ஓட்டுகிறவர். அந்தக் கணக்கில் குத்தல் அவரையே போய்ச் சேர்ந்தது. எதிர்ப்பொருளை மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்ற கொள்கைப்படி பார்த்தால் சாரதி முழுமையாக விளங்கிக்கொண்டவர் ஆகிறார். உண்மையில் அவர் இலக்கையே மாறிப் பிடித்திருந்தார். நக்கல் பிழைத்துப்போகும் சந்தர்ப்பங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. நேர்ப்பொருளாக எடுத்துக்கொண்டு ஏமாறுவதை மட்டும் பிழையாகக் கணக்கெடுப்பவர்கள் இதைக் காண்பதில்லை.

சிறு பிள்ளைகள் நக்கலைப் பொய் என்று நினைத்துவிடுகிறார்களே, ஏன்?

அதே ஓட்டோவில் மூன்றாவது விளக்கம் அதுதான். மருமகள் உடனே, "இல்லை அம்மா, நிறைய நேரம். நீங்கள் பிழையாச் சொல்லுறியள்" என்று திருத்தினாள்.

பொய்க்கும் முரண்நகைக்கும் வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை: இரண்டிலும் சொன்னது உண்மைக்கு ஒத்துவரவில்லை, இரண்டிலும் அது ஒத்துவரவில்லை என்று பேசுபவருக்குத் தெரியும். வித்தியாசம் ஒரு படி மேலே இருக்கிறது. பொய் சொல்பவர், கேட்பவர் அதை நம்ப வேண்டும் என்று விரும்புகிறார். முரண்நகையாகப் பேசுபவரோ, தாம் அதை நம்பவில்லை என்பதைக் கேட்பவர் கண்டுகொள்ள வேண்டும் என்று விரும்புகிறார். ஆகவே பிள்ளை, "அம்மா என்ன நினைக்கிறார்" என்பதோடு நின்றுவிடாமல், "தான் நினைப்பதைப் பற்றி நான் என்ன நினைக்க வேண்டும் என்று அம்மா நினைக்கிறார்" என்ற இரண்டாம் அடுக்கையும் எட்ட வேண்டும். எலன் வின்னரும் சூசன் லீக்காமும் 1991 இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகள் பொய்யிலிருந்து முரண்நகையைப் பிரித்தறிவது இந்த இரண்டாம் அடுக்கு நோக்கத்தை அறியும் திறனோடு இணைந்தது என்று காட்டியது.

அந்தத் திறன் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அக்கா நேராகப் பேசவில்லை என்று முதலில் தெரியும். ஏன் அப்படிப் பேசினார், அதில் யாருக்கு வலிக்கும் என்பது பிறகு தெரியும். அதில் உள்ள பகிடி கடைசியில்தான் தெரியும். மருமகள் இப்போது வளர்ந்துவிட்டாள். நான் எங்கேயாவது குறுக்குவழி சொன்னால், "பத்து நிமிசமோ மாமா?" என்று அவளே கேட்கிறாள்.

"துரை எழும்பிட்டாரோ?" என்று அம்மா கேட்பார். இதில் யாருடைய சொல்லை எதிரொலிக்கிறார்? இதற்கு எதிர்ப்பொருளும் கிடையாதே?

மிக நல்ல எடுத்துக்காட்டு. காலை பதினொரு மணிக்குக் கட்டிலில் இருந்து எழுந்துவரும் மகனிடம் சொல்லப்படும் இது ஒரு கேள்வி. கேள்விக்கு மெய்யும் பொய்யும் இல்லை. "துரை எழும்பவில்லை" என்று புரட்டிப்போட்டால் ஒரு பொருளும் வராது. இன்னார் இப்படிச் சொன்னார் என்று காட்டவும் மூலச்சொல் எதுவும் இல்லை.

இங்கே பிசகி நிற்பது மரியாதையின் அளவு. முன்னால் நிற்கும் மகனை "நீ" என்று அழைக்காமல், இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் படர்க்கையில், உயர்வு விகுதியோடு அம்மா விசாரிக்கிறார். மலையகத் தோட்டங்களில் முகாமையாளரைப் பெரிய துரை என்றும் உதவி முகாமையாளரைச் சின்னத் துரை என்றும் அழைப்பது வழக்கம். ஆகவே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு முழு வீடே இருக்கிறது: பங்களா, துரை எழும்பும்வரை காத்து நிற்கும் வேலையாட்கள், ஒருவரிடம் மற்றவர் தாழ்ந்த குரலில் விசாரிப்பது. அம்மா ஒரு கணம் அந்த வேலைக்காரியாக நடித்து, மற்றொரு வேலைக்காரியிடம் கேட்பதுபோல் கேட்கிறார். மகன் அந்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பார்வையாளன், அதே சமயம் அதில் வரும் துரையும் அவன்தான்.

ஹேர்பேர்ட் கிளார்க்கும் ரிச்சர்ட் கெரிக்கும் 1984 இல் முன்வைத்த பாசாங்குக் கொள்கை இத்தகைய இடங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பேசுபவர் வேறொருவராகப் பாசாங்கு செய்கிறார், பாசாங்கு என்பதைக் கேட்பவர் கண்டுகொள்ள வேண்டும் என்றே செய்கிறார். 1995 இல் சச்சி குமோன்-நக்கமுராவும் அவருடன் எழுதியவர்களும் இதை விரித்து, கூற்றுகளில் மட்டுமல்ல, கேள்வியிலும் வேண்டுகோளிலும் நன்றி சொல்வதிலும்கூட முரண்நகை வரலாம் என்று காட்டினார்கள். அவர்கள் தேடச் சொன்ன அடையாளம் உண்மையின்மை அல்ல, உளமின்மை. கேள்வி கேட்பவருக்குப் பதில் தேவையில்லை, வணங்குபவருக்கு வணக்கம் இல்லை. எதிரொலி, பாசாங்கு என்ற இரண்டு கொள்கைகளில் எது சரி என்று நீண்டகாலமாக வாதிடுகிறார்கள். தமிழைப் பொறுத்தவரை, மரியாதை விகுதியைக் கொண்டு குத்தும் பழக்கம் நமக்கு இவ்வளவு பெரிதாக இருப்பதால், பாசாங்குக் கொள்கையை விட்டுவிட்டு நாம் ஒரு வீட்டுச் சமையலறைப் பேச்சைக்கூட விளக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

மரியாதையின் வழக்கமான அளவு வீட்டுக்கு வீடு வேறு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளையே "வாங்கோ, இருங்கோ" என்று அழைக்கும் குடும்பங்கள் வெள்ளவத்தையில் நிறைய உண்டு. அந்த வீட்டில் "வாங்கோ" என்பது அன்பு. தம்பியை "வாடா" என்றே அழைக்கும் வீட்டில் திடீரென்று "வாங்கோ" என்றால் அவன் ஏதோ தவறு செய்துவிட்டான் என்று பொருள். விருந்தாளிக்கு இது தெரியாது.

கெட்டதைப் பார்த்து "நல்லது" என்பது சாதாரணம். நல்லதைப் பார்த்துக் "கெட்டது" என்று நக்கலடிப்பது ஏன் அரிதாக இருக்கிறது?

எதிரொலிக் கொள்கைக்குக் கிடைத்த நல்ல ஆதாரங்களில் இந்தச் சமனின்மையும் ஒன்று. காரியங்கள் நன்றாக நடக்க வேண்டும், பிள்ளைகள் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும், சோறு குழையக்கூடாது என்ற எதிர்பார்ப்புகள் எல்லோரிடமும் எப்போதும் இருக்கின்றன. ஆகவே குழைந்த சோற்றைப் பார்த்து "நல்ல பதம்" என்று யாரும் எப்போதும் சொல்லலாம். எதிரொலிக்க வேண்டிய எதிர்பார்ப்பு தயாராகவே இருக்கிறது.

மறுபுறம், சோறு குழைய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நன்றாக வந்த சோற்றைப் பார்த்து "எப்பிடித்தான் சாப்பிடுறது இதை" என்று விருந்தாளி ஒருவர் சொன்னால், சமைத்தவர் முகம் வாடிவிடும். ஆனால் சமைத்தவர் முன்கூட்டியே, "இண்டைக்கு ஒண்டும் சரிவரேல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லியிருந்தால், அதே விருந்தாளி மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டே அதைச் சொல்லலாம். அது அன்பான பாராட்டாகப் போய்ச் சேரும். குறைகூறும் சொல்லால் பாராட்டுவதற்கு வெளிப்படையான மூலச்சொல் ஒன்று முன்னால் இருக்க வேண்டும். ரொஜர் குறோய்ஸும் சாம் கிளக்ஸ்பேர்க்கும் 1989 இல் சோதனைகளில் கண்டதும் இதே வேறுபாடுதான்.

குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா? நக்கலுக்கென்று ஒரு தொனி இருக்கிறதே?

இருப்பதுபோல் தோன்றுகிறது. இழுத்துப் பேசுவது, குரலைத் தட்டையாக்குவது, ஒரு சொல்லை அளவுக்கு மிஞ்சி அழுத்துவது ஆகிய எல்லாம் உதவுகின்றன. ஆனால் கிறெகரி பிரையன்ட்டும் ஜீன் பொக்ஸ் ட்ரீயும் 2005 இல், முரண்நகைக்கே உரிய தனித் தொனி ஒன்று உண்டு என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அதே தொனிகள் சலிப்புக்கும் களைப்புக்கும் கோபத்துக்கும் வருகின்றன. தொனி கேட்பவரைத் தட்டி எழுப்புகிறது; எதைத் தேட வேண்டும் என்று சொல்வதில்லை. சிலர் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல், செய்தி வாசிப்பதுபோல் நக்கலடிப்பார்கள்.

தமிழில் தொனியைவிடக் கவனிக்கத்தக்கது "தான்" என்ற இடைச்சொல். "கெட்டிக்காரன்தான் நீ", "நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கிறியள்", "வடிவாத்தான் செய்திருக்கு". இந்தச் சொல் முரண்நகைக்கு மட்டும் உரியதல்ல. மெய்யாகவே ஒப்புக்கொள்ளும்போதும் "நல்லாத்தான் இருக்கு" என்கிறோம். ஆனால் அது செய்யும் வேலை இங்கே முக்கியம்: ஏற்கெனவே பேச்சில் இருக்கும் ஒன்றை, அல்லது எதிர்பார்க்கப்பட்ட ஒன்றை, இப்போது உறுதிப்படுத்துவதுபோல் காட்டுகிறது. அதைக் கேட்டதும், "எது உறுதிப்படுத்தப்படுகிறது? யார் முன்னர் சொன்னது?" என்று கேட்பவர் மனம் பின்னோக்கிப் போகிறது. உறுதிப்படுத்துவதாகச் சொல்லப்படுவது கண்முன்னே உடைந்து கிடந்தால் நகை பிறக்கிறது. அக்காவின் வாக்கியத்தில் "என்ன" செய்ததும் இதற்கு நெருங்கிய வேலை. ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றுக்கு என் ஒப்புதலைக் கேட்டது.

வட்ஸ்அப்பில் ஏன் நக்கல் இப்படிச் சண்டையில் முடிகிறது?

ஜஸ்டின் குறூகரும் நிக்கொலஸ் எப்லியும் அவர்களுடைய சகாக்களும் 2005 இல் வெளியிட்ட ஆய்வு மின்னஞ்சலைப் பற்றியது. ஆனால் வட்ஸ்அப்புக்கும் செல்லும். மாணவர்கள் சில வாக்கியங்களை நேராகவும் சிலவற்றை நக்கலாகவும் மற்றொருவருக்கு அனுப்பினார்கள், சிலர் குரலில், சிலர் எழுத்தில். எத்தனை சரியாக விளங்கும் என்று கேட்டபோது, அனுப்பியவர்கள் இரு வழியிலும் ஏறத்தாழ 78 வீதம் என்றார்கள். குரலில் கேட்டவர்கள் 73 வீதம் சரியாகப் பிடித்தார்கள். எழுத்தில் வாசித்தவர்கள் 56 வீதம் மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வீதம் கிடைத்திருக்கும்.

இதில் என்னைக் கவர்ந்தது வாசித்தவர்களின் தோல்வியைவிட அனுப்பியவர்களின் நம்பிக்கைதான். எழுதும்போது அவர்கள் காதில் அவர்களுடைய தொனி ஒலிக்கிறது. அது எழுத்தோடு சேர்ந்து போகவில்லை என்பதை அவர்களால் உணர முடிவதில்லை.

வட்ஸ்அப் குழுமத்தில் இன்னொரு கேடும் உண்டு. காலையில் ஒருவர் சொன்னதை மாலையில் எதிரொலித்தால், இடையில் வந்து விழுந்த நாற்பது செய்திகளில் மூலச்சொல் புதைந்துபோயிருக்கும். குழுமத்தில் பாதிப் பேர் நம் ஓட்டோச் சாரதியின் நிலையில் இருப்பார்கள். பழைய செய்தியைத் தொட்டு அதற்கே பதிலாக எழுதும் வசதி இங்கே சிரிப்புமுகப் படத்தைவிட அதிகம் உதவுகிறது. அந்தப் படம் "இது பகிடி" என்று மட்டும் சொல்கிறது, யாருடைய சொல் என்பதைச் சொல்வதில்லை.

மூளை முதலில் நேர்ப்பொருளைப் பிடித்து, அது பொருந்தாதபோதுதான் மற்றதைத் தேடுகிறதா?

தீர்ப்பு இன்னும் ஒருமனதாக இல்லை. ரேமண்ட் கிப்ஸ் 1986 இல், சூழல் பொருத்தமாக இருந்தால் நக்கலை வாசிக்க நேர்ப்பொருளைவிட அதிக நேரம் தேவைப்படுவதில்லை என்று கண்டார். ரகேல் கியோரா, ஒரு சொல்லுக்கு மனத்தில் முந்தி நிற்கும் பொருள் சூழல் எதுவாயினும் எழுந்துவிடும் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு வழி உண்டு. "நல்ல ஆளப்பா நீ" போன்ற தொடரை நாம் நேராகக் கேட்பது அரிது. அதில் நக்கலே முந்தி நிற்கும் பொருள். புதிதாக உண்டாக்கப்பட்ட ஒரு வாக்கியத்தில் நிலைமை வேறு.

நம்முடைய பழைய இலக்கணத்தில் இதற்கு இடம் இல்லையா? வஞ்சப்புகழ்ச்சி என்பது இதுதானே?

உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், பொருள் வெளிப்படையாக நிற்பதும் குறிப்பாகத் தோன்றுவதும் என இருவகைப்படும் என்று சொல்கிறது: "தெரிபுவேறு நிலையலும் குறிப்பின் தோன்றலும் இருபாற்று என்ப பொருண்மை நிலையே." பொருளதிகாரம் நகை பிறக்கும் நான்கு நிலைகளில் எள்ளலை முதலில் வைக்கிறது. வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வதுபோல் இகழ்வதை அணியாகப் பெயரிட்ட பிற்கால வழக்கு.

இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் புறநானூற்று 95 ஆம் பாடல், எதிர்ப்பொருள் கொள்கைக்கு மிகப் பெரிய இடறல். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவர் சொல்வது இவ்வளவுதான்: இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மனையில் இருக்கின்றன, என் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லனுடைய பட்டறையில் கிடக்கின்றன.

இதில் பொய் எங்கே? தொண்டைமானின் ஆயுதங்கள் உண்மையாகவே மினுங்குகின்றன, அதியமானின் ஆயுதங்கள் உண்மையாகவே முறிந்திருக்கின்றன. ஒரு சொல்லையும் புரட்டத் தேவையில்லை. பேணப்பட்ட ஆயுதமே வலிமை என்று எண்ணித்தான் தொண்டைமான் கொட்டிலைத் திறந்து காட்டினான். வாய்விட்டுச் சொல்லாத அந்த எண்ணத்தை ஔவையார் எடுத்து, அதன் மொழியிலேயே புகழ்ந்து, பக்கத்தில் முறிந்த வேலை வைக்கிறார். ஆயுதம் எதற்காக என்பது இருவருக்கும் தெரியும். மற்றதைத் தொண்டைமானே செய்துகொள்ள வேண்டியதுதான். சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தபடியால் தூதரை அவன் குறை சொல்லவும் முடியாது.

நான் சொன்ன நக்கல் எதிராளிக்கு விளங்கியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவருடைய அடுத்த பேச்சைக் கவனியுங்கள். நேர்ப்பொருளுக்குப் பதில் வந்தால் இரண்டு சாத்தியங்கள் உண்டு: விளங்கவில்லை, அல்லது விளங்கியும் உங்களுடைய நாடகத்துக்குள்ளேயே நின்று பதில் சொல்கிறார். "பத்து நிமிசத்திலை வந்திட்டம்" என்பதற்கு நான் "ஓமோம், ஒம்பதரை நிமிசம்" என்று சொல்லியிருந்தால் அது இரண்டாவது. அளவு மிஞ்சியிருப்பதே அதன் அடையாளம். மருமகள் சொன்னது முதலாவது. அதில் மிகை இல்லை, திருத்தம் இருந்தது. சாரதியைப்போல் காரணம் சொல்லத் தொடங்கினால், குத்தல் எங்கே பட்டது என்பதை அந்தக் காரணத்தின் உள்ளடக்கமே காட்டிவிடும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. முரண்நகையாகப் பேசியவர் எப்போதும் "நான் சும்மா சொன்னனான்" என்று பின்வாங்கலாம், கேட்டவரும் விளங்காததுபோல் இருந்துவிடலாம். கந்தோரில் மேலதிகாரி "இண்டைக்கு நேரத்தோடை வந்திட்டீர்" என்று சொல்லும்போது, பிந்தி வந்தவர் "நன்றி சேர்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்தால், அவருக்கு விளங்கியதா இல்லையா என்று வெளியிலிருந்து யாராலும் நிரூபிக்க முடியாது. அன்று அக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டோக் காசை நானே கொடுத்தேன்.